சேரனா, சோனா: கடைப் பலகை எழுத்தைப் படத்திலிருந்து படித்தெடுப்பது

கேள்வி: எங்கள் ஊர்க் கடைவீதியின் பழைய படங்களைச் சேர்த்து வருகிறேன். படத்தில் தெரியும் கடைப் பலகைகளில் என்ன இருக்கிறதோ அதைத் தட்டச்சு செய்து வைக்கப் பார்க்கிறேன். எல்லாம் பெயிண்டர் கையால் வரைந்த அலங்கார எழுத்து. புள்ளி இருக்கிறதா இல்லையா, அது ர-வா காலா என்பதே பல இடங்களில் தெரியவில்லை. பாதிக்கு மேல் ஊகமாகத்தான் எழுதுகிறேன். இதற்கு ஏதாவது முறை உண்டா?

பதில்:

முறை உண்டு. பலகையை முதலில் வார்த்தையாக வாசிக்காதீர்கள். அதை எழுதிய பெயிண்டர் எந்த எழுத்தை எப்படிப் போடுகிறார் என்று முதலில் பாருங்கள், வார்த்தை அப்புறம். நாம் தமிழ் தெரிந்தவர்கள் என்பதாலேயே கண் அவசரப்பட்டு வார்த்தையை முடித்துவிடும். அப்படி முடித்த வார்த்தை பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். பத்தாவது ஒரு ஆளின் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ இருந்து காலை வாரிவிடும்.

எழுத்து ஏன் இப்படி மாறுகிறது என்று தெரிந்தால் படிப்பது எளிது. பெயிண்டர் தகரத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இழுத்துக்கொள்வார். எழுத்தெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே உயரத்தில், தடித்து நிற்க வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவருக்கு அதுதான் கண்ணில் படும். ஆனால் தமிழ் எழுத்து அப்படி இரண்டு கோட்டுக்குள் அடங்குகிற எழுத்து அல்ல. புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் மேலே ஏறும். உகரத்தின் வால், ர-வின் கீழ்ச்சாய்வு, ழ-வின் வால் எல்லாம் கீழே இறங்கும். இடம் பற்றாதபோது பெயிண்டர் வெட்டுவது இவற்றைத்தான். ர-வின் கீழ்ச்சாய்வு போய்விடும். புள்ளி எழுத்துக்கு மேலிருந்து நழுவித் தோளுக்கோ, ட் மாதிரி எழுத்தானால் அதன் வெற்றிடத்துக்குள்ளேயோ போய் உட்காரும். ஏகாரக் கொம்பின் சுழி பெயிண்டில் அடைபட்டு எகரக் கொம்புபோல் ஆகிவிடும். ஆக, எழுத்தின் பெரிய உடம்பை நம்பலாம். அதை இன்ன எழுத்து என்று உறுதி செய்கிற சின்னக் குறிகளைத்தான் தேட வேண்டும்.

நான் எடுத்த ஒரு பலகையை வைத்துச் சொல்கிறேன். சைக்கிள் கடை, மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து, கறுப்பு அவுட்லைன், வலது கீழாக நீல ஷேடோ. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்வாக எடுத்த படம். மூன்று வரி. கீழ்மூலையில் பெயிண்டரின் கையெழுத்து.

எழுத்தைத் தொடும் முன் படத்தில் இரண்டு வேலை செய்தேன். முதலாவது, சாய்வை நிமிர்த்தியது. பலகையின் நான்கு மூலைகளையும் பிடித்துச் செவ்வகமாக இழுத்தால் போதும். அப்படிச் செய்யாமல் எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஒப்பிட முடியாது. அந்த இடைவெளி பின்னால் தேவைப்படும். இரண்டாவது, மஞ்சளில் சிவப்பு என்பதால் படத்தின் பச்சை நிறப் பகுதியை மட்டும் தனியாக எடுத்துக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தேன். மஞ்சளில் பச்சை நிறைய உண்டு, சிவப்பில் கிடையாது. அதனால் பின்னணி வெளுத்து எழுத்து கறுத்துத் தெரியும். வெயிலில் சிவப்பு வெளிறிப்போயிருந்தால் எழுத்தின் உள்பகுதியை விட்டுவிட்டுக் கறுப்பு அவுட்லைனை மட்டும் பின்தொடருங்கள்.

ஷேடோவைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். அது ஒரு சாட்சி. ஒரு பலகை முழுக்க ஷேடோ ஒரே பக்கம்தான் விழும். இந்தப் பலகையில் அது வலது கீழ். ஆகவே எழுத்தின் இடப்பக்கமோ மேற்பக்கமோ தெரிகிற எந்தக் கோடும் ஷேடோ அல்ல, எழுத்தின் பகுதிதான். புள்ளி விஷயத்தில் இது இன்னும் உதவும். தகரத்தைச் சட்டத்தில் பிடிக்கும் போல்ட்டுத் தலையும் புள்ளியும் படத்தில் ஒரே மாதிரி வட்டமாக இருக்கும். பெயிண்டர் வைத்த புள்ளிக்கு எழுத்தின் நிறமும் அதே அவுட்லைனும் அதே ஷேடோவும் இருக்கும். போல்ட்டுக்கு நிழல் சூரியன் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் விழும். போல்ட்டுகள் சம தூரத்தில் வரிசையாகவும் நிற்கும், புள்ளிகள் அப்படி நிற்காது.

சரி, முதல் வரி. சின்ன எழுத்தில் ஒரு கடவுள் பெயர், பிறகு ஒரு விசித்திர எழுத்தோடு முடிகிறது. தொடக்கத்தில் இருப்பது ஸ்ரீ. இந்தக் கூட்டெழுத்தைத் தனியாகப் பார்த்தால் பூ-வின் தலையில் ஈகாரக் கொக்கி போட்டதுபோல் இருக்கும். பலர் ‘பூீ’ என்றே தட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் எழுத்துக்கு ஓர் உயிர்க்குறிதான் உண்டு. இரண்டு ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தால் நாம் தவறாகப் படிக்கிறோம் என்று அர்த்தம்.

அடுத்தது கௌரி. இதில் ள-வைப் பெயிண்டர் மற்ற எழுத்துகளின் அதே உயரத்துக்குப் போட்டிருந்தார். எகரக் கொம்பு, க, ள என்று தனித்தனியாகப் படித்தால் ‘கெளரி’ ஆகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தட்டும்போதுதான் வித்தியாசம். அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த வார்த்தையில் இன்னொரு லாபம் இருக்கிறது. கடைசி எழுத்து, நேராக நிற்கும் ஒரு கம்பு, அதன் தலையில் இகரக் கொக்கி. கால் தனியாக இகரம் ஏற்காது. ஆகவே அது ரி. அந்த ரி-யின் கம்பில் கீழ்ச்சாய்வு இல்லை. சாய்வில்லாமலும் ர எழுதுகிறவர் இவர் என்று இங்கேயே தெரிந்துவிட்டது. குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது வார்த்தையில் து தெளிவு. அடுத்து ண. ஆனால் அதன் இடப்பக்கத் தலையில் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு. இது பழைய ணை, வார்த்தை ‘துணை’. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரியார் 1930-களிலேயே தம் இதழில் புழங்கத் தொடங்கிய வடிவங்கள் அவை. சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்குக்கும் இந்தத் துதிக்கை உண்டு. ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது, எழுத்தின் வாலே நீண்டு சுழிக்கும். அவற்றோடு சேர்ந்த ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் அப்படித்தான். பழகாத கண்ணுக்கு இவை தெரியாத எழுத்துபோலவோ, வெறும் அலங்காரம்போலவோ தோன்றும். பலகையில் ‘துணை’, ‘விலை’, ‘சாலை’, ‘அண்ணா’ மாதிரி வார்த்தைகள் அடிக்கடி வரும் என்பதால் இந்தப் பதின்மூன்றையும் ஒருமுறை எழுதிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. தட்டும்போது இவற்றுக்குத் தனிக் குறியீடு எதுவும் தேட வேண்டாம். யூனிகோடில் பழைய ணை-யும் புதிய ணை-யும் ஒன்றே. வடிவம் எழுத்துருவின் வேலை.

துதிக்கை இருப்பதை வைத்துப் பலகை 1978-க்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய முறையில் கை பழகிய பெயிண்டர்கள் அதற்குப் பிறகும் பல வருஷம் அப்படியே எழுதினார்கள். அதே பலகையில் ‘சை’, ‘கை’, ‘டை’ தனி ஐகாரக் கொம்போடு இருந்தால் பெயிண்டர் குழம்பிவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். அந்த எழுத்துகளுக்கு எப்போதுமே தனிக் கொம்புதான்.

இரண்டாவது வரிதான் பெரிய எழுத்து, கடையின் பெயர். சைக்கிள், மார்ட் என்ற இரண்டு வார்த்தையும் சிரமமில்லாமல் வந்தன. முதல் வார்த்தைதான் மாட்டிக்கொண்டது. ஒரு கொம்பு, ச, ஒரு நேர்க்கம்பு, ன, அதன் தோளில் புள்ளி. இதை நான்கு விதமாகப் படிக்கலாம்: சேரன், செரன், சோன், சொன். கம்பு ர-வாகவும் இருக்கலாம், காலாகவும் இருக்கலாம். கொம்பு எகரமாகவும் இருக்கலாம், ஏகாரமாகவும் இருக்கலாம்.

சேரன்தான், இதில் என்ன சந்தேகம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனாலும் பலகையே சொல்கிறதா என்று பார்ப்போம். ஏனென்றால் அடுத்த பலகையில் இந்த வசதி இருக்காது.

கொம்புக்கு ஒப்பிட இன்னோர் இடம் வேண்டும். பலகையில் வேறு எகரமோ ஏகாரமோ இல்லை என்று முதலில் நினைத்தேன். இருக்கிறது. கௌரியில் உள்ள ஔகாரக் குறியின் இடப்பாதி எகரக் கொம்பேதான். அளவு சின்னது, கை ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கௌரியில் கொம்பின் தலை வளைந்து அப்படியே முடிகிறது. ச-வுக்கு முன்னால் இருக்கும் கொம்பின் தலை மட்டும் உருண்டு தடித்திருக்கிறது. உள்ளே ஓட்டை தெரியவில்லை, பெயிண்ட் அடைத்திருக்கிறது. ஆனால் அந்த உருண்டைக்குக் காரணம் சுழிதான். ஆகவே ஏகாரம். செரனும் சொன்னும் போயின.

கம்புக்கு ‘மார்ட்’ வந்து உதவியது. அந்த வார்த்தையில் கால் ஒன்றும் ர் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் ஒரே மாதிரிக் கம்பு, இரண்டாவதன் மேல் மட்டும் புள்ளி. வடிவத்தில் வித்தியாசமே இல்லை. இடைவெளியில் இருந்தது. ம-வுக்கும் காலுக்கும் நடுவில் உள்ள இடம், காலுக்கும் ர்-க்கும் நடுவில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. கால் ம-வின் உறுப்பு என்பதால் பெயிண்டர் கை தானாக அதை ஒட்டிப் போட்டிருக்கிறது, ர் தனி எழுத்து என்பதால் தள்ளிப் போட்டிருக்கிறது. இப்போது முதல் வார்த்தைக்குப் போனால், ச-வுக்கும் கம்புக்கும் நடுவில் அகன்ற இடைவெளி. ஆகவே அந்தக் கம்பு தனி எழுத்து, அதாவது ர. சேரன்.

இந்த இடைவெளிச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. வரி முடிவில் இடம் குறைந்து பெயிண்டர் எழுத்துகளை நெருக்கியிருந்தால் அது பலிக்காது. வரியின் முதல் பாதியிலிருந்து சாட்சி எடுப்பது பாதுகாப்பு. இன்னொன்று, சாட்சி அதே வரியிலிருந்தோ அதே பாணி வரியிலிருந்தோ வர வேண்டும். மூலையில் இருந்த கையெழுத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்ற வார்த்தையின் ர்-க்கு அழகான கீழ்ச்சாய்வு இருந்தது. அதை மட்டும் நம்பி, இவர் ர-வுக்குச் சாய்வு போடுகிறவர், ஆகவே பெரிய எழுத்தில் சாய்வில்லாத கம்பெல்லாம் கால் என்று முடிவு செய்திருந்தால் கடை ‘சோன் சைக்கிள் மாாட்’ ஆகியிருக்கும். தூரிகையால் ஓட்டி எழுதும் கையெழுத்தும் கோட்டுக்குள் கட்டும் எழுத்தும் இரண்டு வேறு எழுத்துவரிசைகள், ஆள் ஒருவரே ஆனாலும்.

மூன்றாவது வரி ‘வாடகை சைக்கிள் கிடைக்கும்’. இங்கே சைக்கிளின் கடைசி ள்-க்குப் புள்ளி உதிர்ந்திருந்தது. பெயிண்ட் பெயர்ந்த தடம் மட்டும் இருந்தது. மேல்வரியிலேயே அதே வார்த்தை முழுதாக இருப்பதால் பிரச்சினையில்லை. அதற்கு நேர்மாறாகக் ‘கிடைக்கும்’ என்பதில் கு-வின் மேல் பளிச்சென்று ஒரு வட்டம். உகரம் ஏற்ற எழுத்துக்குப் புள்ளி வராது. பார்த்தால் அது போல்ட்டு, அதே வரிசையில் இரண்டு பக்கமும் அதன் கூட்டாளிகள் இருந்தார்கள். இலக்கணப்படி அது ‘வாடகைக்குச் சைக்கிள்’ என்று இருக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். திருத்தாதீர்கள். பலகையில் ‘லக்ஷ்மி’ என்றிருந்தால் ‘லட்சுமி’ ஆக்க வேண்டாம், ‘பங்சர்’ என்றிருந்தால் ‘பஞ்சர்’ ஆக்க வேண்டாம். எழுத்தின் வடிவத்தை மட்டும் இன்றைய வழக்குக்கு மாற்றுகிறோம். எழுத்துக்கூட்டல் கடைக்காரருடையது.

நான் கடைசியில் எழுதி வைத்தது இப்படி:

```
ஸ்ரீ கௌரி துணை
சேரன் சைக்கிள் மார்ட்
வாடகை சைக்கிள் கிடைக்கும்
[?]லு ஆர்ட்ஸ்
```

பலகையின் வரிப்பிரிவு அப்படியே. கையெழுத்தின் முதல் எழுத்து சட்டத்துக்குள் மறைந்திருந்தது. பாலுவா வேலுவா என்று படம் சொல்லவில்லை, அதனால் அடைப்புக்குறியில் கேள்விக்குறி. ஊகித்த எழுத்தை அடைப்புக்குறி இல்லாமல் எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது ஊகம் என்பது மறந்துவிடும். உச்சியில் ‘உ’ இருந்தால் அதையும் தனி வரியாக எழுதுங்கள். சைக்கிள் படம், மயில் படம் மாதிரியானவற்றை எழுத்தோடு கலக்காமல் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் டயரையே ஒ-வின் சுழியாகப் போட்டிருந்தால் அது எழுத்துதான்.

இனி தட்டச்சு. சரியாகப் படித்தும் தவறாக எழுதுவது இங்கேதான் நடக்கிறது. திரையில் பார்க்க ஒன்றாக இருக்கும், தேடினால் கிடைக்காது. அதிகம் நடப்பது ர்-க்குப் பதில் காலும் புள்ளியும் போடுவது. ‘மார்ட்’ என்பது ‘மாா்ட்’ ஆகிவிடும். பல எழுத்துருக்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ரி, ரீ-யிலும் இதே கதை. காலுக்குப் பின்னால் புள்ளியோ இகரமோ ஈகாரமோ தமிழில் எங்கும் வராது என்பதால் இதை இயந்திரத்தாலேயே திருத்திவிடலாம். தட்டிய உரை `t`-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```python
import re, unicodedata
t = unicodedata.normalize("NFD", t)
t = re.sub("\u0BBE(?=[\u0BCD\u0BBF\u0BC0])", "\u0BB0", t)
t = unicodedata.normalize("NFC", t)
```

முதலில் `NFD` போட்டுப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘சேர்’ என்பதைக் கால் வைத்துத் தவறாகத் தட்டியிருந்தால் ஏகாரமும் காலும் சேர்ந்து ஓகாரம் என்ற ஒரே குறியாகிவிட்டிருக்கலாம். பிரித்தால்தான் உள்ளே இருக்கும் கால் அகப்படும். திருத்திய பிறகு `NFC` மறுபடி சேர்த்துவிடும்.

புள்ளியில்லாத ர-வை இது பிடிக்காது. ‘சேரன்’ என்பதைச் ‘சோன்’ என்று தட்டியிருந்தால் அது விதிப்படி சரியான தமிழ். கண்தான் பிடிக்க வேண்டும்.

கௌரியும் அப்படித்தான். ஔகாரக் குறி `U+0BCC`. ‘கெள’ என்று தட்டினால் அது `U+0BC6`, பிறகு ள எழுத்து `U+0BB3`. இரண்டையும் `NFD`-யோ `NFC`-யோ ஒன்றாக்காது. எல்லா ‘ெள’-வையும் மொத்தமாக மாற்றினால் ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் கெட்டுப்போகும். ‘கெளரி’, ‘மெளலி’, ‘செளந்தர்’ என்று பெயர் பெயராகத் தேடி மாற்றுவதுதான் வழி. ஸ்ரீ-க்கும் இரண்டு தட்டல் உண்டு. ஸ-வில் தொடங்குவது ஒன்று, ஶ-வில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டும். ஸ-வில் தொடங்குவதைத்தான் மக்கள் அதிகம் தட்டுகிறார்கள் என்பதால் நான் அதையே வைத்துக்கொண்டேன். எதை எடுத்தாலும் தொகுப்பு முழுக்க ஒன்றாக இருக்கட்டும்.

பலகைக்குள்ளேயே சாட்சி கிடைக்காத இடமும் வரும். ‘பரணி ஸ்டோர்ஸ்’ என்று ஒன்று, ர-வுக்குச் சாய்வில்லை, எழுத்துகள் நெருக்கம். அதைப் ‘பாணி’ என்றும் படிக்கலாம். ஆங்கில வரி இருந்தால் இந்தச் சிக்கல் உடனே தீரும், ஏனென்றால் ர என்ற ஒலி அங்கே தனி எழுத்தாக வந்தாக வேண்டும். ஆனால் குறிலா நெடிலா, ல-வா ள-வா, ன-வா ண-வா என்பதற்கு ஆங்கில வரியிடம் போகாதீர்கள், அதற்கு அது தெரியாது. கடையின் பக்கச் சுவரிலோ ஷட்டரிலோ பெயர் இன்னொரு முறை எழுதியிருக்கும். அதே தெருவின் வேறு படங்களில் அந்த மூலை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ‘பரணி [பாணி?]’ என்று இரண்டையும் எழுதி வைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போங்கள்.